D வரவில்லையா? வந்த எண் எங்கே தவறு என்று சொல்லும்

காரைக்குடியில் பழைய வீடு ஒன்றின் வளவில், தூண்களுக்கு நடுவே பாய் விரித்து, பொறியியல் முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கணக்குச் சொல்லித் தருகிறேன். சமச்சீர் அணி A-ஐ மூலைவிட்ட அணி D ஆக்கும் பாடம் முடிந்த வாரம் தவறாமல் ஒரு புகார் வரும்: "Nᵀ A N பெருக்கிப் பார்த்தேன் சார், D வரலை." நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "D வராம வேற என்னப்பா வந்துச்சு?"

வந்த எண்ணை ரப்பரால் அழித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். அழிக்காமல் கொண்டுவந்தால் பெரும்பாலும் பாதி நிமிடத்தில் தவறு இருக்கும் இடத்தைக் காட்டிவிடலாம். ஒரே கணக்கை முதலிலிருந்து கடைசிவரை போட்டுக்கொண்டே, எந்த அடியில் எந்தக் கோளாறு தலைகாட்டும், அதை எதை வைத்து அடையாளம் காண்பது என்று இங்கே எழுதுகிறேன்.

கணக்கு இது:

```
Q = 2x² + 5y² + 5z² + 4xy − 8yz − 4zx
```

இதன் சமச்சீர் அணி A-ஐ எழுதி, ஐகென் மதிப்புகளையும் ஐகென் வெக்டர்களையும் கண்டுபிடித்து, அலகு வெக்டர்களாக்கி, அவற்றை நிரல்களாக அடுக்கினால் N என்ற செங்குத்து அணி கிடைக்கும். அதன் பிறகு Nᵀ A N = D. மூலைவிட்டத்தில் ஐகென் மதிப்புகள் மட்டும் நிற்க, மற்ற இடமெல்லாம் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

## "மூலங்கள் வர்க்கமூலத்தோடு அசிங்கமா வருது சார்"

தேர்வுக் கணக்கில் ஐகென் மதிப்பு √249 மாதிரி வந்தால், முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்க மெனக்கெடாதீர்கள். அணி எழுதிய வரிக்குத் திரும்புங்கள். குறுக்கு உறுப்புகளைப் பாதியாக்கினீர்களா? 4xy என்ற உறுப்பு அணியில் xy, yx என்று இரண்டு இடத்தில் உட்காருகிறது. இடத்துக்கு 2தான் போடவேண்டும், 4 அல்ல.

பாதியாக்காமல் 4, −8, −4 என்று அப்படியே போட்டால் என்ன ஆகிறது என்று போட்டுப் பார்த்தேன். ஒரு மூலம் −3 என்று அழகாக வந்து நம்பவைத்துவிடும். மிச்சம் λ² − 15λ − 6 = 0 என்று நின்று, √249 அங்கிருந்துதான் முளைக்கும். மூலைவிட்டக் கூட்டுத்தொகை 12 என்பது சரியான அணிக்கும் தவறான அணிக்கும் ஒன்றே. மூலைவிட்டத்தில் யாரும் கை வைக்கவில்லையே! ஆகவே "கூட்டுத்தொகை சரிபார்த்துட்டேன் சார்" என்பது இந்தத் தவறைப் பிடிக்காது.

சரியான அணி:

```
      [  2   2  −2 ]
A  =  [  2   5  −4 ]
      [ −2  −4   5 ]
```

சிறப்பியல்புச் சமன்பாடு λ³ − S₁λ² + S₂λ − S₃ = 0. S₁ = 12. S₂ என்பது மூலைவிட்ட உறுப்புகளின் சிற்றணிக்கோவைகளைக் கூட்டியது: 6 + 6 + 9 = 21. S₃ என்பது அணிக்கோவை: 18 − 4 − 4 = 10.

```
λ³ − 12λ² + 21λ − 10 = 0
(λ − 1)²(λ − 10) = 0
λ = 10, 1, 1
```

1 இரண்டு தடவை வந்திருக்கிறது. இனி வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளம்புபவைதான்.

## "குறுக்குப் பெருக்கல்ல எல்லாம் பூஜ்யமா போகுது"

λ = 10-க்கு ஒரு தொந்தரவும் இல்லை. A − 10I-இன் முதல் இரண்டு நிரைகளை எடுத்துக் குறுக்குப் பெருக்கல் போடுகிறோம்:

```
−8x + 2y − 2z = 0
 2x − 5y − 4z = 0

x/(−18) = y/(−36) = z/36
X₁ = (1, 2, −2)
```

எழுதியவுடனே A-ஆல் பெருக்கிப் பார்த்துவிடுங்கள். A X₁ = (10, 20, −20). அதாவது 10 மடங்கு X₁. சரி.

λ = 1-க்கும் அதே பழக்கத்தில் குறுக்குப் பெருக்கல் போட்டால் x/0 = y/0 = z/0 வருகிறது. போன வருடம் ஒரு பெண் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "இந்த λ-வுக்கு வெக்டரே கிடையாது" என்று எழுதியிருந்தாள். பூஜ்யம் வந்ததற்குக் காரணம் A − I-இன் நிரைகளைப் பார்த்தால் தெரியும்:

```
(  1   2  −2 )
(  2   4  −4 )
( −2  −4   4 )
```

மூன்றும் ஒரே நிரைதான். ஒன்று அதன் 2 மடங்கு, இன்னொன்று −2 மடங்கு. கையில் இருப்பது ஒரே சமன்பாடு: x + 2y − 2z = 0. குறுக்குப் பெருக்கலுக்கு ஒன்றையொன்று சாராத இரண்டு சமன்பாடுகள் வேண்டும். இங்கே ஒன்றே இருப்பதால் அந்த வழி ஓடாது. உண்மையில் வெக்டர் இல்லாமல் போகவில்லை, தேவைக்கு மேல் இருக்கிறது: ஒரு தளம் முழுவதும்.

சமச்சீர் அணியில் இது எப்போதும் நடக்கும். ஒரு மதிப்பு எத்தனை தடவை மீண்டும் வருகிறதோ, ஒன்றையொன்று சாராத அத்தனை ஐகென் வெக்டர்கள் கட்டாயம் கிடைக்கும். இரண்டு தடவை வந்த மதிப்புக்கு ஒரே வெக்டர்தான் அகப்பட்டது என்றால் ஒன்று உங்கள் கணக்கில் பிழை, இல்லையென்றால் அணி சமச்சீர் இல்லை.

சரி, தளத்திலிருந்து எந்த இரண்டை எடுப்பது? பலர் செய்வது: z = 0 போட்டு (−2, 1, 0), y = 0 போட்டு (2, 0, 1). இரண்டும் சமன்பாட்டில் சரியாகப் பொருந்தும், இரண்டும் ஐகென் வெக்டர்கள்தான். அடுத்த கோளாறு இங்கேதான் ஆரம்பம்.

## "மூலைவிட்டம் சரி, ஆனா ஓரத்துல −4/5 நிக்குது"

அந்த இரண்டையும் √5-ஆல் வகுத்து அலகு வெக்டராக்கி, X₁-ஐ 3-ஆல் வகுத்து, மூன்றையும் நிரல்களாக்கிப் பெருக்கினால் வருவது:

```
[ 10    0     0   ]
[  0    1   −4/5  ]
[  0  −4/5    1   ]
```

மூலைவிட்டத்தில் 10, 1, 1 பிசகாமல் நிற்கிறது. கூட்டினால் 12. ஆனாலும் D இல்லை. இந்த −4/5 பெருக்கலில் நேர்ந்த பிழை என்று நினைத்து மூன்று தடவை பெருக்கிப் பார்த்த பையனைப் பார்த்திருக்கிறேன். பெருக்கலில் தவறே இல்லை. (−2, 1, 0), (2, 0, 1) இரண்டின் புள்ளிப் பெருக்கல் −4. நீளம் ஆளுக்கு √5. ஆக −4/5 என்பது அவற்றுக்கு இடையே உள்ள கோணத்தின் கொசைன். கோணம் கிட்டத்தட்ட 143°. 90° ஆக இருந்திருந்தால் அங்கே பூஜ்யம் வந்திருக்கும்.

அடையாளம் இப்படி: பூஜ்யமில்லாத எண் ஒரே ஐகென் மதிப்பைச் சேர்ந்த இரண்டு நிரல்களுக்கு நடுவே மட்டும் நின்றால், வெக்டர்கள் சரி, அவற்றுக்குள் செங்குத்துதான் இல்லை.

"X₁ தானா செங்குத்தா வந்துச்சே சார், இது மட்டும் ஏன் வரலை?" என்பது நியாயமான கேள்வி. நான் உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே பதில் இருக்கிறது. பக்கத்தில் பர்மா தேக்குத் தூண் நிமிர்ந்து நிற்கிறது. அது X₁. கீழே ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. அது λ = 1-இன் தளம். தரையில் எந்தத் திசையில் கோடு போட்டாலும் தூணுக்கு அது செங்குத்துதான், அதற்காக நாம் ஒன்றும் செய்யவேண்டாம். ஆனால் தரையில் நீங்களே கிழித்த இரண்டு கோடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும் என்று தரை பொறுப்பேற்காது. கொத்தனார் கல் பதிக்குமுன் 3-4-5 அளந்து மூலைமட்டம் பார்ப்பது அதனால்தான்.

இது வெறும் உவமை இல்லை. x + 2y − 2z = 0 என்ற சமன்பாடே "X₁-க்குச் செங்குத்தாக உள்ள எல்லா வெக்டர்களும்" என்றுதான் சொல்கிறது, கெழுக்களைப் பாருங்கள். பொதுவாகவும் அப்படியே. X-க்கு λ, Y-க்கு μ என்றால், A சமச்சீர் என்பதால் (AX)·Y = X·(AY). அதாவது λ(X·Y) = μ(X·Y). λ, μ வெவ்வேறு என்றால் X·Y பூஜ்யமாகாமல் வேறு வழியில்லை. λ = μ என்றால் இந்த வரி எதையும் கட்டாயப்படுத்துவதில்லை.

சரிசெய்ய இரண்டு வழி உண்டு. தேர்வில் நான் சொல்லித் தருவது இது. X₂-ஐ மட்டும் தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். x = 0 போட்டால் y = z, ஆக X₂ = (0, 1, 1). X₃-ஐ ஊகிக்க வேண்டாம், (l, m, n) என்று வைத்து X₁, X₂ இரண்டுக்கும் செங்குத்து என்று எழுதுங்கள்:

```
l + 2m − 2n = 0
     m +  n = 0

l/4 = m/(−1) = n/1
X₃ = (4, −1, 1)
```

இங்கே குறுக்குப் பெருக்கல் ஓடுகிறது, ஏனென்றால் இப்போது இரண்டு சமன்பாடுகளும் வெவ்வேறு. முதல் சமன்பாடு λ = 1-இன் தளமேதான் என்பதால் X₃ ஐகென் வெக்டரா என்ற சந்தேகமும் இல்லை.

இன்னொரு வழி கிராம்-ஷ்மிட். ஏற்கெனவே எடுத்த (−2, 1, 0)-ஐ வைத்துக்கொண்டு, (2, 0, 1)-இலிருந்து அதன் திசையில் விழும் நிழலைக் கழிப்பது:

```
(2, 0, 1) − (−4/5)(−2, 1, 0) = (2/5, 4/5, 1)
```

5-ஆல் பெருக்கினால் (2, 4, 5). இதுவும் சரிதான். நான்கு பரிமாணத்தில், ஒரே மதிப்பு மூன்று தடவை வரும் கணக்குக்கு இந்த வழிதான் கைகொடுக்கும். மூன்று பரிமாணத்தில் முதல் வழி சுருக்கம், பின்னமும் குறைவு.

ஓர் எச்சரிக்கை. கிராம்-ஷ்மிட்டை ஒரே ஐகென் மதிப்பின் வெக்டர்களுக்குள் மட்டும் போடுங்கள். வெவ்வேறு மதிப்புகளின் வெக்டர்கள் செங்குத்தாக வராதபோது அதைப் போட்டு நிமிர்த்தினால், வெக்டர்கள் செங்குத்தாகிவிடும், ஆனால் ஐகென் வெக்டர்களாக இருக்காது. நோயை மறைத்துவிட்டு மருந்து என்று சொல்கிற கதை அது.

## "10 வரவேண்டிய இடத்துல 90 வருது"

இது எளிதானது. X₁ = (1, 2, −2), X₂ = (0, 1, 1), X₃ = (4, −1, 1) மூன்றையும் நீளத்தால் வகுக்காமலே அணியாக்கிப் பெருக்கினால் மூலைவிட்டத்தில் 90, 2, 18 வரும். மற்ற இடமெல்லாம் பூஜ்யம். ஒவ்வொரு எண்ணும் ஐகென் மதிப்பு × நீளத்தின் வர்க்கம்: 10 × 9, 1 × 2, 1 × 18. மூலைவிட்டம் மட்டும் பெருத்துப்போய், ஓரங்கள் சுத்தமாக இருந்தால் தவறு இது ஒன்றுதான்.

நீளங்கள் 3, √2, √18 = 3√2. வகுத்தால்:

```
      [  1/3     0      4/(3√2) ]
N  =  [  2/3   1/√2    −1/(3√2) ]
      [ −2/3   1/√2     1/(3√2) ]
```

இந்த இடத்தில் நான் வற்புறுத்தும் சோதனை ஒன்று உண்டு. நிரல்களைப் பார்த்துப் பார்த்துத்தான் N-ஐக் கட்டினோம். இப்போது நிரைகளைப் பாருங்கள். முதல் நிரை: 1/9 + 0 + 16/18 = 1. இரண்டாவது: 4/9 + 1/2 + 1/18 = 1. முதல் நிரையையும் இரண்டாவதையும் பெருக்கினால் 2/9 + 0 − 4/18 = 0. செங்குத்து அணியில் நிரைகளும் அலகு நீளத்தோடு ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தாக வேண்டும். நிரல்களை எழுதும்போது ஒரு குறி தவறியிருந்தால் இங்கே பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.

பெருக்குவதிலும் ஒரு சுருக்கம். Nᵀ A N-ஐ இடமிருந்து பெருக்கப் போகாதீர்கள். முதலில் A N. அதன் முதல் நிரல் N-இன் முதல் நிரலைப்போல் 10 மடங்கு, மற்ற இரண்டும் அப்படியே இருக்கவேண்டும். அது வந்துவிட்டால் மிச்சம் Nᵀ N தானே, அது I. ஆக, N-இன் நிரல்களின் திசையில் உள்ள புதிய மாறிகளை y₁, y₂, y₃ என்று வைத்தால்,

```
Nᵀ A N = diag(10, 1, 1)
Q = 10y₁² + y₂² + y₃²
```

## "முதல் நிரை முழுக்கக் கலைஞ்சு கிடக்கு"

வெவ்வேறு ஐகென் மதிப்புகளின் நிரல்களுக்கு நடுவே பூஜ்யமில்லாத எண் வந்தால், கோணத்தைக் குறை சொல்லாதீர்கள். வெக்டரே தவறு. சமச்சீர் அணியில் அந்தச் செங்குத்து தானாக வரவேண்டியது என்று மேலே பார்த்தோம்.

வழக்கமான குற்றவாளி குறி. X₁-ஐ (1, 2, 2) என்று எழுதிவிட்டீர்கள் என்று வையுங்கள். D-இன் முதல் இடத்தில் 10-க்குப் பதில் 10/9 வரும், பக்கத்தில் 4/(3√2) நிற்கும். மூலைவிட்டக் கூட்டுத்தொகையும் 12-ஐ விட்டு விலகும். A-ஆல் பெருக்கினால் (2, 4, 0) வருகிறது, (1, 2, 2)-இன் எந்த மடங்கும் அது இல்லை. கதை முடிந்தது.

இதில் ஒரு தந்திரக்கார இடம் இருக்கிறது. அதே தவறான (1, 2, 2)-ஐ (−2, 1, 0)-ஓடு பெருக்கிப் பாருங்கள்: பூஜ்யம்! அந்த ஒரு சோதனையோடு நிறுத்தியிருந்தால் தவறு தப்பித்திருக்கும். (0, 1, 1)-ஓடு பெருக்கினால் 4 வந்து காட்டிக்கொடுக்கிறது. ஆகவே மூன்று ஜோடியையும் பாருங்கள். அதைவிட, வெக்டர் கிடைத்தவுடனே A X = λX என்று ஒரு தடவை பெருக்கிவிடுவது இன்னும் மேல்.

## "விடைல வேற N போட்டிருக்கு சார்"

Nᵀ A N சரியாக வந்தும், புத்தகத்தின் பின்பக்கத்தில் வேறு எண்கள் இருக்கும். பதற்றப்படாமல் மூன்று விஷயத்தைப் பாருங்கள். ஒரு நிரல் முழுவதும் குறி மாறியிருக்கலாம். நிரல்களின் வரிசை மாறியிருக்கலாம், அப்போது D-இலும் அதே வரிசையில் மதிப்புகள் மாறியிருக்கவேண்டும். இந்த இரண்டையும் எல்லோரும் சீக்கிரம் கண்டுகொள்வார்கள்.

மூன்றாவதுதான் குழப்பும். நம் கணக்குக்கே இப்படி ஒரு விடை உண்டு:

```
           [  1   2   2 ]
M  =  1/3  [  2   1  −2 ]
           [ −2   2  −1 ]
```

வர்க்கமூலமே இல்லை! இரண்டாம், மூன்றாம் நிரல்கள் நம்முடையவை போலவே இல்லை. ஆனால் (2, 1, 2), (2, −2, −1) இரண்டும் x + 2y − 2z = 0-இல் பொருந்துகின்றன, ஒன்றுக்கொன்று செங்குத்து. அதே தரையில் கல்லைச் சுவருக்கு நேராகவும் பதிக்கலாம், மூலைவாட்டாகவும் பதிக்கலாம், இரண்டிலும் கல்லின் மூலை 90°தானே. மீண்டும் வரும் மதிப்பு இருந்தால் சரியான விடைகள் எண்ணற்றவை.

இரண்டு விடையும் ஒன்றா என்று உறுதிப்படுத்த, λ = 1-இன் இரண்டு நிரல்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் அதன் நிரல் நிரை மாற்றோடு பெருக்கிக் கூட்டுங்கள். இரண்டு விடையிலும் ஒரே 3×3 அணி வரவேண்டும். முதல் உறுப்பை மட்டும் காட்டுகிறேன்: நம் N-இல் 0 + 16/18 = 8/9, M-இல் 4/9 + 4/9 = 8/9. மதிப்புகள் எல்லாம் வெவ்வேறாக இருக்கும் கணக்கில் இந்தச் சுதந்திரம் கிடையாது. அங்கே குறியும் வரிசையும் தவிர வேறு எது மாறினாலும் ஒருவர் விடை தவறு.

## "கம்ப்யூட்டர்ல போட்டா செங்குத்தா வரலை"

பைத்தானின் NumPy-யில் போட்டுச் சரிபார்க்கிறவர்கள் `np.linalg.eig` போட்டிருப்பார்கள். அது எந்தச் சதுர அணிக்கும் பொதுவானது. ஐகென் வெக்டரை அலகு நீளத்தோடு தரும், ஆனால் மீண்டும் வரும் மதிப்பின் வெக்டர்கள் செங்குத்தாக இருக்கும் என்று உறுதி தராது. மேலே பார்த்த அதே −4/5 ரகச் சிக்கல். சமச்சீர் அணிக்கு `eigh`:

```
import numpy as np
A = np.array([[2,2,-2],[2,5,-4],[-2,-4,5]], float)
print(np.allclose(A, A.T))
w, N = np.linalg.eigh(A)
print(w)
print(np.round(N.T @ A @ N, 10))
```

மதிப்புகள் ஏறுவரிசையில் 1, 1, 10 என்று வரும், நிரல்களும் அதே வரிசையில். வட்டமாக்காமல் அச்சிட்டால் பூஜ்யம் வரவேண்டிய இடத்தில் 1e-16 போன்ற துளிகள் தெரியலாம், அதைப் பிழையென்று எடுக்கவேண்டாம்.

மூன்றாவது வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். `eigh` அணியின் கீழ் முக்கோணத்தை மட்டுமே படிக்கிறது. மேல் முக்கோணத்தில் ஓர் உறுப்பின் குறியைத் தவறாகத் தட்டியிருந்தாலும் அது முறையிடாது, கீழே இருப்பதை வைத்தே கணக்குப் போட்டு மதிப்புகளைத் தந்துவிடும். கீழே தவறியிருந்தால் இன்னும் மோசம்: வேறொரு சமச்சீர் அணியின் விடை, சுத்தமான செங்குத்து N-ஓடு உங்கள் முன் நிற்கும். `allclose` வரி False என்று சொன்னால் அதற்குக் கீழே வருகிற எதையும் பார்க்காமல் அணியைத் திரும்பத் தட்டுங்கள்.